கூம்பகத்துக்கு ஏன் மூன்றில் ஒன்று? சதுரமுகியை மூன்று துண்டாகச் செய்து பார்க்கும் வழி

கிளிநொச்சிப் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு ‘கியூப்’ என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. நூறு கன அடி மண் ஒரு கியூப். பெயர்தான் கியூப். டிப்பர் கொட்டிவிட்டுப் போகிற மண் ஒருநாளும் சதுரமுகியாக நிற்பதில்லை. நடுவில் கூர்ந்து, சுற்றிவரச் சரிந்து கிடக்கும்.

எங்கள் ஒழுங்கையில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் ஒருநாள் பின்னேரம் வந்து கூப்பிட்டார். “மாஸ்ரர், இது ஒரு கியூப் வருமோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.” வேலையாட்களைக் கொண்டு மண்ணை மண்வெட்டியால் ஒதுக்கி, அடியைச் சதுரமாக்கி வைத்திருந்தார். பக்கத்துக்குப் பத்து அடி. நடு உச்சி மூன்று அடி. அந்த நேரம் என்னிடம் படிக்க வந்திருந்த பிள்ளைகளும் கூடவே வந்துவிட்டார்கள்.

“பத்துத்தரம் பத்து நூறு, உயரம் மூண்டு, முந்நூறு. கூராப் போறபடியால் அதில பாதி. நூற்றைம்பது கன அடி சேர்” என்றான் ஒருவன்.

“இல்லை, மூண்டில ஒண்டு” என்றாள் பதினோராம் ஆண்டுப் பிள்ளை.

“ஏன்?”

“சூத்திரம் அப்பிடித்தானே சேர்.”

எனக்குப் பிழையாகச் சொன்னவனின் விடைதான் பிடித்திருந்தது. அவனிடம் ஒரு காரணம் இருந்தது. செவ்வகத்துக்குள் அதே அடியும் அதே உயரமும் கொண்ட முக்கோணி பாதி என்று அவன் படித்திருக்கிறான். அதையே கூம்பகத்துக்கும் இழுத்துவந்தான். சரியாகச் சொன்னவளிடம் மனப்பாடம் மட்டும்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் மருந்து ஒன்றுதான்: மூன்று துண்டையும் கையால் செய்து, கையால் பொருத்திப் பார்ப்பது. அடுத்த நாள் வகுப்பில் அதைத்தான் செய்தோம். செய்யும்போது எங்கே வழுக்கும் என்பதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்தக் கூம்பகம்?

கூம்பகம் என்றதும் எகிப்தில் உள்ளது போல நடு உச்சிக் கூம்பகம்தான் நினைவுக்கு வரும். அதில் மூன்றை எடுத்து எப்படித் திருப்பி அடுக்கினாலும் சதுரமுகி வராது. நமக்கு வேண்டியது ஒரு பக்கம் சாய்ந்த கூம்பகம். அடிமுகம் சதுரம். உச்சி நடுவுக்கு மேலே இராது, சதுரத்தின் ஒரு மூலைக்கு நேர் மேலே இருக்கும். செங்குத்துயரம் சதுரத்தின் பக்கத்துக்குச் சமம். சீனக் கணிதர் லியூ ஹுய் கி.பி. 263 இல் எழுதிய விளக்கவுரையில் கையாண்டதும் இந்த வடிவத்தைத்தான். அங்கே இதற்கு ‘யாங்மா’ என்று தனிப்பெயரே உண்டு.

இது சதுரமுகிக்குள் எப்படி இருக்கிறது என்று பார்க்க அட்டை தேவையில்லை, நீங்கள் இருக்கும் அறையே போதும். தரையும் இரண்டு சுவரும் சந்திக்கும் ஒரு மூலையைப் பாருங்கள். அந்த மூலையை P என்று வைப்போம். அறை நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமான அறை என்று வைத்துக்கொள்வோம். அறைக்குள் ஓர் ஈ பறக்கிறது. அது நிற்கும் இடத்திலிருந்து இடப்பக்கச் சுவருக்கு ஒரு தூரம், வலப்பக்கச் சுவருக்கு ஒரு தூரம், தரைக்கு ஒரு தூரம். இந்த மூன்றில் எது பெரிது?

ஈ எங்கே நின்றாலும் இந்தக் கேள்விக்கு விடை உண்டு. தரையிலிருந்துள்ள தூரம் பெரிதாக இருக்கும் இடங்களை எல்லாம் ஒன்றுசேர்த்தால் ஒரு துண்டு. இடப்பக்கச் சுவருக்கு ஒன்று, வலப்பக்கச் சுவருக்கு ஒன்று. ஆக மூன்று துண்டு. இரண்டு தூரம் சமமாக வரும் இடங்கள் துண்டுகளுக்கு இடையிலுள்ள எல்லை. அவை மெல்லிய தளங்கள், அவற்றுக்குக் கனவளவு கிடையாது. அறைக்குள் ஓர் இடமும் விடுபடவில்லை, ஓர் இடமும் இரண்டு தடவை எண்ணப்படவும் இல்லை.

தரைத் தூரம் பெரிதான துண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் ஈ நின்றால், மற்ற இரண்டு தூரமும் ஒரு மீற்றருக்குள் இருக்கவேண்டும். அந்த உயரத்தில் துண்டின் குறுக்குவெட்டு ஒரு மீற்றர்ச் சதுரம். இரண்டு மீற்றர் உயரத்தில் இரண்டு மீற்றர்ச் சதுரம். முகட்டில் முழுச் சதுரம். அதாவது முகட்டை அடிமுகமாகவும் P ஐ உச்சியாகவும் கொண்ட ஒரு தலைகீழ்க் கூம்பகம். மற்ற இரண்டும் இதே மாதிரித்தான், எதிரேயுள்ள இரண்டு சுவரை அடிமுகமாகக் கொண்டவை. கேள்வி மூன்று திசைக்கும் ஒரே மாதிரி என்பதால் துண்டுகளும் ஒருங்கிசைகின்றன.

இது விளங்கினால் பாதி வேலை முடிந்தது. ஆனால் பிள்ளைகள் தலையாட்டுவதை நம்பாதீர்கள். அட்டை மடிக்கும்போதுதான் உண்மை தெரியும்.

வரைதல்

சதுரமுகியின் விளிம்பை 5 சென்ரிமீற்றராக வையுங்கள். ஒரு கூம்பகத்தின் விரிப்புக்கு இரு பக்கமும் 17 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் வரும். ஏ4 அளவு அட்டையின் அகலம் 21, எனவே ஒட்டும் மடிப்போடு தாராளமாக அடங்கும். 6 சென்ரிமீற்றர் என்று வைத்தீர்களோ, 20.5 ஆகிவிடும். ஒட்டுவதற்கு இடம் இராது. மூன்று அட்டை, மூன்று நிறம். நிறம் அழகுக்கில்லை, பிறகு சரிபார்க்க உதவும். நிற அட்டை கிடைக்காவிட்டால் வெள்ளைப் பிறிஸ்டல் போட்டில் வரைந்து கிறேயொனால் தீட்டுங்கள். பழைய கலண்டர் மட்டை வேண்டாம், அது மடிக்கும் இடத்தில் வெடிக்கும்.

அட்டையின் கீழ் விளிம்பிலிருந்து 6.5 சென்ரிமீற்றர் மேலே ஒரு கிடைக்கோடு, இடப்பக்க விளிம்பிலிருந்து 6.5 சென்ரிமீற்றர் உள்ளே ஒரு நிலைக்குத்துக்கோடு. இரண்டையும் அட்டையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை முழுதாக இழுங்கள். மூலைமட்டம் வைத்தே இழுங்கள். கண்மதிப்பில் இழுத்தால் கடைசியில் ஒட்டும்போது அழவேண்டிவரும். இரண்டும் வெட்டும் புள்ளி A. அதிலிருந்து வலப்பக்கம் 5 சென்ரிமீற்றரில் B, மேலே 5 சென்ரிமீற்றரில் D. சதுரத்தை முடித்து நான்காவது மூலைக்கு C என்று பெயரிடுங்கள். இந்தச் சதுரம்தான் அடிமுகம். உச்சி A க்கு நேர் மேலே வரப்போகிறது.

இனி நான்கு முக்கோணிகள். அவை சதுரத்தின் நான்கு பக்கத்திலும் ஒட்டிக்கொண்டு வெளியே விரிந்து நிற்கும். மடித்த பிறகு நான்கின் நுனியும் ஒரே உச்சி P இல் சேரும். வரையும்போது அவை நான்கு இடத்தில் கிடப்பதால் P1, P2, P3, P4 என்று குறிப்போம்.

A இலிருந்து கீழே 5 சென்ரிமீற்றரில் P1. அதை B உடன் இணையுங்கள். A இலிருந்து இடப்பக்கம் 5 சென்ரிமீற்றரில் P2. அதை D உடன் இணையுங்கள். இவை இரண்டும் இருசமபக்கச் செங்கோண முக்கோணிகள், வில்லங்கம் ஒன்றுமில்லை.

மற்ற இரண்டில்தான் பிழை வரும். நிறையப் பிள்ளைகள் அவற்றையும் இருசமபக்கமாக வரைந்துவிடுகிறார்கள். உச்சி A க்கு மேலே 5 சென்ரிமீற்றரில் இருக்கிறது. ஆனால் B இலிருந்து உச்சிக்குப் போகும் விளிம்பு 5 அல்ல. அது ஒரு சதுரத்தின் மூலைவிட்டம், 5√2, அதாவது 7.07 சென்ரிமீற்றர். அளவுகோலில் 7.07 ஐத் தேடி மினக்கெடாதீர்கள். சதுரத்தின் மூலைவிட்டம் AC இன் நீளமும் அதுதான். கவராயத்தின் முள்ளை A இலும் பென்சிலை C இலும் வைத்து விரித்துக்கொள்ளுங்கள். அந்த விரிவை மாற்றாமல் முள்ளை B இல் வைத்து, கிடைக்கோட்டை வலப்பக்கம் வெட்டுங்கள். அது P3. பிறகு முள்ளை D இல் வைத்து நிலைக்குத்துக்கோட்டை மேலே வெட்டுங்கள். அது P4. P3 ஐயும் P4 ஐயும் C உடன் இணையுங்கள். வேலை முடிந்தது.

வெட்ட முன்னர் ஓர் அளவை பாருங்கள். CP3, CP4 இரண்டும் சமமாக இருக்கவேண்டும். பைதகரஸ் தேற்றப்படி 5√3, ஏறத்தாழ 8.7 சென்ரிமீற்றர். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் போனால் சதுரம் சதுரமாக இல்லை என்று பொருள். அழித்து மறுபடி வரைவதுதான் சுருக்கமான வழி.

ஒட்டும் மடிப்புகள் நான்கு போதும்: AP1, BP1, DP2, CP3. அரை சென்ரிமீற்றர் அகலம், இரண்டு முனையையும் சரித்து வெட்டுங்கள்.

மடித்து ஒட்டுதல்

மை தீர்ந்த பேனையால், அடிமட்டத்தை வைத்து, மடிக்கும் கோடுகள் எல்லாவற்றையும் அழுத்தி இழுங்கள். சதுரத்தின் நான்கு பக்கம், மடிப்புகளின் நான்கு கோடு. இதைச் செய்யாமல் மடித்தால் அட்டை தன் விருப்பத்துக்கு வளையும், விளிம்பு உருண்டையாகும்.

ஒட்டும் ஒழுங்கு முக்கியம். முதலில் AP1 ஐ AP2 உடன் ஒட்டுங்கள். இதுதான் நிமிர்ந்து நிற்கும் விளிம்பு. சிறிய மூலைமட்டத்தைப் பக்கத்தில் வைத்து நேராக நிற்கிறதா என்று பார்க்கலாம். அது காய்ந்த பிறகு BP1 ஐ BP3 உடன், DP2 ஐ DP4 உடன். கடைசியாக நீண்ட விளிம்பு, CP3 ஐ CP4 உடன். இது மூடும்போது விரலை உள்ளே விட முடியாது. மடிப்பில் பசை பூசி, விளிம்பை மேசையில் படுக்கவைத்து, மேலிருந்து அழுத்திப் பிடியுங்கள். கோதுமை மாப் பசை இந்த வேலைக்கு உதவாது. ஈரத்தில் அட்டை இளகி முகங்கள் உப்பும், உப்பினால் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாது. கம் போத்தல் நல்லது. அவசரமென்றால் வெளியே செலோரேப் ஒட்டினாலும் தோஷமில்லை.

மூன்று கூம்பகமும் தயாரானதும் ஒவ்வொன்றிலும் உச்சியில் P என்றும், நீண்ட விளிம்பின் மறு முனையில் C என்றும் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் கையில் எடுத்துத் திருப்பத் தொடங்கிய உடனே எது உச்சி என்பது மறந்துபோகும்.

பொருத்துதல்

இரண்டு கூம்பகங்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் 5, 7.07, 8.66 பக்கங்களைக் கொண்ட நீண்ட முக்கோணி இரண்டு இருக்கிறது. ஒன்றின் நீண்ட முக்கோணியை மற்றதின் நீண்ட முக்கோணியோடு, P க்கு P, C க்கு C வருமாறு ஒட்டிப் பிடியுங்கள். இரண்டு நீண்ட முக்கோணியில் ஒன்று மற்றதின் கண்ணாடி விம்பம். அதனால் ஒரு சோடி மட்டும்தான் பொருந்தும், மற்றதை வைத்தால் உடனே தெரிந்துவிடும். இரண்டும் சேர்ந்ததும் நடுவில் ஒரு பள்ளம் மீதியாகும். மூன்றாவது துண்டு அந்தப் பள்ளத்துக்குள் போய் உட்காரும்.

இந்த இடத்தில் வகுப்பில் எப்போதும் நடக்கும் ஒரு பிழை உண்டு. சிறிய இருசமபக்க முக்கோணிகளும் ஒன்றோடொன்று அச்சொட்டாகப் பொருந்தும். கைக்கு இதமாகப் பொருந்துவதால் பிள்ளைகள் அதைத்தான் முதலில் ஒட்டுவார்கள். பிறகு மூன்றாவது துண்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழிப்பார்கள். அந்தச் சிறிய முக்கோணிகள் உள்ளே போகக்கூடாது. அவை சதுரமுகியின் வெளிமுகத்துக்கு வரவேண்டியவை.

சரியாகப் பொருந்தியதா என்பதை நிறமே சொல்லும். C இல் சந்திக்கும் மூன்று முகமும் தனி நிறமாக இருக்கும். அவை மூன்று அடிமுகங்கள். P இல் சந்திக்கும் மூன்று முகமும் மூலைவிட்டத்தில் பிரிந்து, இரண்டிரண்டு நிறமாக இருக்கும். பிரிக்கும் கோடு மூன்றும் P இலிருந்தே புறப்படும். மூன்று கூம்பகங்களின் நீண்ட விளிம்புகளும் உள்ளே ஒன்றாகச் சேர்ந்து, P இலிருந்து C க்குப் போகும் சதுரமுகியின் உள் மூலைவிட்டமாகிவிட்டன. P ஐப் பெருவிரலாலும் C ஐச் சுட்டுவிரலாலும் பிடித்துக்கொண்டு சதுரமுகியை மூன்றில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சிவப்பு இருந்த இடத்துக்கு நீலம் வரும், வடிவம் மாறாது. மூன்றும் ஒருங்கிசைகின்றன என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது.

சதுரமுகி 5³, அதாவது 125 கன சென்ரிமீற்றர். ஒவ்வொரு கூம்பகமும் அதில் மூன்றில் ஒன்று, 41.67. அட்டையின் தடிப்பால் பொருத்திய சதுரமுகி 5 சென்ரிமீற்றரை விட ஒரு சொட்டுப் பெரிதாக வரலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

மண் நிரப்பிப் பார்க்க விரும்பினால் ஒரு கூம்பகத்தின் அடிமுகத்தை மூன்று பக்கம் பிளேட்டால் கீறி, மூடி மாதிரித் திறந்துகொள்ளுங்கள். மூடியில்லாத 5 சென்ரிமீற்றர்ப் பெட்டி ஒன்றும் செய்யுங்கள். மூன்று தடவை கொட்டினால் பெட்டி நிரம்பும். அரிசி வேண்டாம். உச்சியின் ஒடுங்கிய இடத்துக்குள் அரிசி போகாது, அதனால் பெட்டி எப்போதும் குறைவாகவே நிரம்பும். அதைப் பார்த்து ‘மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு’ என்று ஒரு பிள்ளை குறிப்பு எழுதியும் வைத்துவிட்டது. நன்றாகக் காய்ந்த, அரித்த மணல்தான் சரி.

கத்தியால் வெட்டினால் என்ன?

அட்டை வேலை மினக்கேடு, பூசணிக்காயில் ஒரு சதுரமுகி வெட்டி அதைக் கத்தியால் மூன்றாக்குவோமே என்று ஒருமுறை நானும் நினைத்தேன். வெட்டினேன். மூன்று வரவில்லை, ஆறு வந்தது.

காரணம் ஈயின் கணக்கில் இருக்கிறது. இரண்டு துண்டுக்கு இடையிலுள்ள எல்லை சதுரமுகியின் உள் மூலைவிட்டத்தோடு நின்றுவிடுகிறது. கத்தி அங்கே நிற்காது. அப்படியே மறுபக்கம் போய் மூன்றாவது கூம்பகத்தையும் நடுவால் பிளந்துவிடும். மூன்று வெட்டும் முடிந்ததும் ஒவ்வொரு கூம்பகமும் இரண்டாகி, ஆறு நான்முகிகள். அவற்றில் மூன்று இடக்கை மாதிரி, மூன்று வலக்கை மாதிரி. கனவளவு ஆறும் சமம்தான். ஆனால் ஓர் இடக்கைத் துண்டைத் திருப்பி வலக்கைத் துண்டாக்க முடியாது. சோடி சேர்த்து ஈர்க்குக் குத்தினால் மூன்று கூம்பகம் கிடைக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் முதல் பாடத்துக்கு இது குழப்பம். அன்று பூசணிக்காய் கறிக்குப் போயிற்று.

இதுவரை எதை நிறுவினோம், எதை நிறுவவில்லை

இங்கே கொஞ்சம் நேர்மை வேண்டும். நாம் காட்டியது ஒரேயொரு வகைக் கூம்பகத்துக்கு மட்டும்: உச்சி மூலைக்கு மேலே, உயரம் பக்கத்துக்குச் சமம். மண் கும்பியின் உச்சி நடுவில் இருக்கிறது. உயரம் மூன்று அடி, பக்கம் பத்து அடி. ‘ஆகவே எல்லாக் கூம்பகத்துக்கும் மூன்றில் ஒன்று’ என்று பாய்ந்துவிடுவதுதான் இந்தப் பாடத்தில் வழமையாக நடக்கும் களவு. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று “அது வேற கூம்பகமெல்லோ சேர்?” என்று கேட்டால் பதில் வேண்டும்.

பதில் பழைய காட்போட் பெட்டியில் இருக்கிறது. அதிலிருந்து பத்துச் சதுரம் வெட்டுங்கள். பக்கம் அரை சென்ரிமீற்றர், ஒன்று, ஒன்றரை என்று ஏறி, கடைசியில் 5. பெரியதைக் கீழே வைத்து, ஒழுங்காக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். எல்லாச் சதுரத்தின் ஒரு மூலையையும் ஒரே நிலைக்குத்துக் கோட்டில் வைத்தால் நம்முடைய சாய்ந்த கூம்பகத்தின் படிக்கட்டு வடிவம் வரும். இப்போது மட்டைகளை மெல்ல நகர்த்தி ஒவ்வொன்றின் நடுவையும் நேர்படுத்துங்கள். உச்சி நடுவுக்கு வந்துவிட்டது. மண் கும்பியின் வடிவம். ஒரு மட்டையும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. ஆகவே கனவளவும் அதேதான். உச்சியை எங்கே நகர்த்தினாலும், அடிமுகமும் செங்குத்துயரமும் மாறாதவரை, கனவளவு மாறாது.

உயரத்துக்கும் இதே மட்டை போதும். ஒவ்வொரு அளவிலும் இரண்டு மட்டை வைத்தால் உயரம் இரட்டிக்கும், கனவளவும் இரட்டிக்கும். தடிப்பில் பாதியான மட்டையை வைத்தால் இரண்டும் பாதியாகும். கூம்பகத்தை அடைத்து நிற்கும் பெட்டியும் அதே வீதத்தில் மாறுகிறது. ஆகவே மூன்றில் ஒன்று என்ற பங்கு அப்படியே நிற்கிறது. சதுரமுகியில் கிடைத்த a³/3 இப்போது a²h/3 ஆகிவிட்டது. அடிமுகம் சதுரமாக இல்லாமல் முக்கோணியாகவோ வட்டமாகவோ இருந்தாலும் வாதம் மாறாது. பாதி உயரத்தில் வெட்டினால் குறுக்குவெட்டின் பரப்பளவு அடிமுகத்தின் காற்பங்கு என்பது எல்லாவற்றுக்கும் பொது. ஒவ்வொரு மட்டத்திலும் பரப்பளவுகள் ஒரே வீதத்தில் ஒத்துப்போனால் கனவளவுகளும் அதே வீதத்தில் ஒத்துப்போகும்.

பத்து மட்டையையும் கணக்கிட்டுப் பார்த்த பிள்ளை ஒருத்தி மூன்றில் ஒன்று வரவில்லை என்று முறையிட்டாள். அவள் சரி. அரை சென்ரிமீற்றரை ஓர் அலகாக எடுத்தால் பரப்பளவுகள் 1, 4, 9 என்று 100 வரை. கூட்டினால் 385. பத்தும் முழு அளவு மட்டையாக இருந்தால் 1000. பங்கு 0.385, மூன்றில் ஒன்றை விட நன்றாகவே கூட. படிக்கட்டின் நுனிகள் கூம்பகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதால் வரும் மிகுதி அது. நூறு மட்டையாக மெல்லியதாக அடுக்கினால் 0.33835. ஆயிரமாக்கினால் இன்னும் கிட்டப் போகும். பாதி என்று சொன்ன பையனுக்கு இந்த எண்களைக் காட்டியபோதுதான் அவன் அடங்கினான். பத்து மட்டையிலேயே பாதிக்குக் கீழே போய்விட்டதே!

இப்படி மட்டை அடுக்காமல், எந்தக் கூம்பகத்தையும் வெட்டி ஒட்டியே காட்ட முடியாதா என்று கேட்கலாம். 1900 இல் டேவிட் ஹில்பேட் முன்வைத்த புகழ்பெற்ற கேள்விப் பட்டியலில் மூன்றாவது இதைப் பற்றியதுதான். அவருடைய மாணவர் மக்ஸ் டேன் விடை சொன்னார்: முடியாது. அடிப்பரப்பும் உயரமும் சமமாக இருந்தும், ஒன்றைத் தளமுகத் துண்டுகளாக வெட்டி மற்றதாக ஒட்ட முடியாத நான்முகிச் சோடிகள் உண்டு. நேர்கோட்டுப் பக்கங்கள் கொண்ட தட்டையான உருவங்களில் பரப்பளவு சமமென்றால் வெட்டி ஒட்டுவது எப்போதும் கைகொடுக்கும். கனவுருவங்களில் கைகொடுக்காது. எனவே மட்டை அடுக்கும் வாதம், அதாவது மெல்லிய படைகளை எண்ணுவது, ஏதோ ஒரு வடிவில் வந்தே தீரும். நம்முடைய சதுரமுகி வெட்டி ஒட்டினாலே முழுதாக விளங்கிவிடும் ஓர் அதிர்ஷ்டமான இடம், அவ்வளவுதான்.

மண் கும்பிக்கு வருவோம்

அட்டைச் சதுரமுகியையும் மட்டைகளையும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளோடு மறுபடி அந்த வீட்டு வாசலுக்குப் போனோம். அடி பத்துக்குப் பத்து, நூறு சதுர அடி. உயரம் மூன்று. பெட்டி முந்நூறு கன அடி, அதில் மூன்றில் ஒன்று நூறு. சரியாக ஒரு கியூப். பாதி என்று நினைத்திருந்தால் ஒன்றரைக் கியூப் வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருப்பார்.

“அப்ப மாஸ்ரர், சதுரமா ஒதுக்காமல் வட்டமாவே விட்டிருந்தால்?” என்று அவர் கேட்டார்.

நல்ல கேள்வி. குறுக்களவு பத்து அடி, உயரம் மூன்று அடி என்றே வைத்து, அந்தப் பதினோராம் ஆண்டுப் பிள்ளையிடம் கொடுத்தேன். வட்டத்தின் பரப்பளவு 78.5, உயரம் மூன்று, மூன்றில் ஒன்று, ஆக 78.5 கன அடி என்று மணலில் குச்சியால் எழுதினாள். ரேப் பிடித்து அளந்தால் இரண்டு கும்பிக்கும் ஒரே பத்து, ஒரே மூன்று. கியூப் மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. இன்னொன்றையும் அவருக்குச் சொன்னேன். கும்பியின் ஓரம் மெல்லிதாகப் பரந்து கிடக்கும் இடத்தில் அடியை எங்கே முடிப்பது என்பதில்தான் பெரும்பாலும் பிழைக்கிறது. நீளம், அகலம் இரண்டையும் பத்துக்குப் பதிலாகப் பத்தரை என்று பிடித்தால் அடிப்பரப்பு 110.25, கணக்கில் பத்துக் கன அடி கூடிவிடும். சிதறிக் கிடப்பதை அளக்க முன்னர் மண்வெட்டியால் உள்ளே தள்ளவேண்டும்.

அடுத்த லோட் வந்தபோது அவர் என்னைக் கூப்பிடவில்லை. மண்வெட்டியோடு பையன்தான் நின்றான், நூற்றைம்பது என்று சொன்னவன். ஓரத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தான்.